வீட்டு வைஃபையில் யார் யார்? கண்டுபிடிப்பது, கடவுச்சொல் மாற்றுவது, ஒரம்பரைக்குத் தனி வைஃபை போடுவது

சோமனூர் பக்கம் என் மாமா வீடு. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பின்பக்கம் நாலைந்து லைன் வீடுகள். போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலையில் மாமா கூப்பிட்டார். "கண்ணு, யாரோ நம்ம நெட்டை இழுக்கறாங்க போல. பாஸ்வேர்டை மாத்திக் குடுத்துட்டுப் போயேன்."

பாஸ்வேர்டை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் முதலில் அதைச் செய்யக் கூடாது. மாற்றிய அடுத்த நொடி எல்லாச் சாதனங்களும் துண்டாகிவிடும். அதுவரை உள்ளே இருந்தது யார், பாஸ்வேர்டு எந்த வழியாக வெளியே போனது என்பது தெரியாமலே போய்விடும். அதே வழியாகப் புது பாஸ்வேர்டும் ஒரு மாதத்தில் போய்ச் சேரும். அதனால் முதலில் பட்டியல், பிறகு பாஸ்வேர்டு, கடைசியாக விருந்தாளிக்குத் தனி வைஃபை. இந்த வரிசையில்தான் மாமா வீட்டில் செய்தோம், அதே வரிசையில் சொல்கிறேன்.

ஒரு தாளும் பேனாவும்

ரூட்டரைத் திறப்பதற்கு முன்னால் வீட்டில் நெட் உபயோகிக்கும் சாதனங்களை ஒரு தாளில் எழுதுங்கள். மாமா, அத்தை, மகன் மூவரின் போன்கள், மகனின் லேப்டாப், ஒரு டேப்லெட், டிவி, பிரிண்டர், தறிக்குடோன் கேமராக்களுக்கான டிவிஆர். மொத்தம் எட்டு. டிவிஆர் மட்டும் ஒயரில் இருக்கிறது, மற்ற ஏழும் வைஃபையில். இந்தத் தாள் இல்லாமல் பட்டியலைப் பார்த்தால் எல்லாமே திருட்டுச் சாதனமாகத்தான் தெரியும்.

அடுத்து ரூட்டரின் முகவரி. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அமைப்புக்குப் போய், இணைந்திருக்கும் பெயரின் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் `Gateway` அல்லது `Router` என்று ஒரு எண் இருக்கும். விண்டோஸ் கணினி என்றால் `Command Prompt` என்ற கருப்புத் திரையைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

`Default Gateway` என்ற வரியில் வருவதுதான் அது. பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.0.1` என்று இருக்கும். அதை பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடித்தால் ரூட்டரின் நுழைவுப் பக்கம் வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியைத் திருப்பினால் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். மாமா வீட்டில் இரண்டுமே `admin`. அதாவது வைஃபைக்குள் வந்தவர் யாராக இருந்தாலும் இந்தப் பக்கத்தைத் திறந்து, வைஃபை பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகப் படித்துவிட முடியும். இதையும் மாற்ற வேண்டும் என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

ஸ்டிக்கரில் உள்ளது வேலை செய்யவில்லை என்றால், பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு ரீசெட் செய்யத் தோன்றும். ஃபைபர் பெட்டியில் அதைச் செய்யாதீர்கள். நெட் வருவதற்கான அமைப்பும் சேர்ந்து அழிந்துபோகலாம். அப்புறம் இணைப்புக் கொடுத்தவரின் ஆள் வந்து போட்டுக் கொடுக்கும்வரை வீட்டில் நெட் இருக்காது. அவரையே கூப்பிட்டுக் கேட்பதுதான் நல்லது.

பட்டியலைப் படிப்பது

உள்ளே போனதும் `Connected Devices`, `DHCP Client List`, `WLAN Clients` போன்ற பெயர்களில் பட்டியல் இருக்கும். பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும். `DHCP` என்று வரும் பட்டியலை அப்படியே நம்பிவிட வேண்டாம். ரூட்டர் ஒரு சாதனத்துக்கு முகவரி கொடுத்தால் அதைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு ஒதுக்கி வைக்கும். சாதனம் கிளம்பிப் போன பிறகும் பெயர் அங்கேயே நிற்கும். இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

மாமா வீட்டில் நான் முதலில் அணைக்காமலே பார்த்தேன். பட்டியலில் பன்னிரண்டு இருந்தன. தாளில் உள்ள எட்டைக் கழித்ததும் மிச்சம் இந்த நான்கு:

```
Unknown        192.168.1.5    DA:41:7E:09:C3:16
ESP_5B71E2     192.168.1.9    24:0A:C4:5B:71:E2
Redmi-Note-9   192.168.1.12   6E:90:2F:A4:18:B7
realme-C11     192.168.1.14   A2:5D:33:0E:61:F9
```

கடைசிப் பத்தியில் இருப்பது மேக் முகவரி. ஒவ்வொரு வைஃபை சாதனத்துக்கும் அடையாளமாக இருக்கும் பன்னிரண்டு எழுத்து. வழக்கமாக முதல் ஆறு எழுத்து அதைச் செய்த நிறுவனத்தைக் காட்டும். ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன்கள் தங்கள் உண்மையான முகவரியைச் சொல்வதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியை உருவாக்கிக் கொடுக்கின்றன. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது `2`, `6`, `A`, `E` இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது உருவாக்கிக்கொண்ட முகவரி, பெரும்பாலும் ஒரு போன். மேலே உள்ள நான்கில் மூன்று அப்படித்தான்: `DA`, `6E`, `A2`. இப்படிப்பட்ட முகவரியை இணையத்தில் தேடி நிறுவனத்தின் பெயரைக் கண்டுபிடிக்க முயல்வது நேர விரயம். உங்கள் சொந்த போனும் தாளில் இருப்பதற்குப் பொருந்தாமல் போகலாம். அதனால் வீட்டுப் போன் ஒவ்வொன்றிலும் வைஃபை விவரத்தைத் திறந்து, அங்கே காட்டும் முகவரியைத் தாளில் அந்தந்தப் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள்.

`24` என்று தொடங்கும் இரண்டாவது சாதனம் அந்த ரகமில்லை. `ESP` என்ற பெயரைப் பார்த்ததும் மகன் பயந்துவிட்டான். அது ஒரு சின்ன வைஃபை சில்லு. ஸ்மார்ட் பிளக், பல்பு, அந்த மாதிரிச் சாமான்களில் இருக்கும். அப்படி ஒன்றும் வீட்டில் இல்லையே என்றார் மாமா. மாடிக்குப் போய்ப் பார்த்தோம். சோலார் இன்வெர்ட்டரின் அடியில் பென்டிரைவ் போல ஒரு குச்சி செருகியிருந்தது. பேனல் மாட்ட வந்தவர் வைஃபையில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பிடுங்கிவிட்டு ரூட்டரை அணைத்துப் போட்டதும் பட்டியலில் அந்த வரி மறைந்தது, செருகியதும் திரும்ப வந்தது. வீட்டுச் சாமான் என்று உறுதி செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது.

முதல் வரி, பெயரில்லாதது. ரூட்டரை அணைத்துப் போட்டதும் அது திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டு ராத்திரி கிளம்பிய மாமாவின் மகளுடைய போன். கோயம்புத்தூரில் இருந்த அவளுக்கு போன் செய்து முகவரியைப் படிக்கச் சொன்னோம், பொருந்தியது.

மிச்சம் இரண்டு போன். இங்கேதான் நேரம் பார்த்துப் பட்டியலைப் படம் எடுப்பது உதவும். காலை பதினோரு மணிக்கு ஒன்று, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்று என்று எடுத்து வைத்தோம். அணைத்துப் போட்ட பிறகு `realme-C11` பகலில் இல்லை. ராத்திரி ஷிப்ட் தொடங்கிய அரை மணியில் வந்தது. மகனைக் கேட்டபோது ஒப்புக்கொண்டான். தறி ஓட்டுகிற அண்ணன் கேட்டாரென்று இவனே போனில் க்யூஆர் கோடைக் காட்டியிருக்கிறான். `Redmi-Note-9` பகலிலும் இருந்தது, தறி நின்ற பிறகும் இருந்தது. ரூட்டரில் அதை அரை மணி நேரம் தடுத்து வைத்துப் பார்த்தோம். வீட்டில் யாரும் நெட் வரவில்லை என்று சொல்லவில்லை. அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு ஏன் அந்தத் தடையையே நிரந்தரமாக விட்டுவைக்கக் கூடாது என்று மாமா கேட்டார். தடை விழுவது மேக் முகவரியின் மேல். போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் முகவரி மாறிவிடும், தடை அங்கேயே கிடக்கும். கண்டுபிடிக்க அது உதவும், வெளியே நிறுத்த உதவாது.

அப்புறம் ஒரு விஷயம். நெட் மெதுவானாலே வேறு யாரோ இழுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு போன் வீடியோ பார்ப்பதால் ஃபைபர் இணைப்பு திணறாது. ரூட்டர் பக்கத்தில் நின்று வேகம் பார்த்தால் நன்றாக இருந்து, உள் ரூமில் மட்டும் மெதுவென்றால் அது சுவரும் தூரமும் செய்கிற வேலை. ஆனால் வேகம் குறையாவிட்டாலும் தெரியாத ஆளை விட்டுவைக்கக் கூடாது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் துப்புத் துலக்கிய போலீஸ் போய் நின்றது, நவி மும்பையில் வைஃபை பூட்டாமல் வைத்திருந்த ஒருவர் வீட்டு வாசலில். உங்கள் இணைப்பு வழியாக யார் என்ன அனுப்பினாலும் விசாரணை முதலில் இணைப்பு வாங்கியவரிடம்தான் வரும்.

கடவுச்சொல் மாற்றுவது

ரூட்டருக்குள் `WLAN` அல்லது `Wireless` பகுதிக்குப் போங்கள். பாதுகாப்பு வகை `WPA2-PSK` என்று இருக்கட்டும். `WPA2/WPA3` சேர்ந்த தேர்வு இருந்தால் அது இன்னும் நல்லது. `WEP` என்றோ `Open` என்றோ இருந்தால் பூட்டே இல்லை என்று அர்த்தம்.

கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63. மாமா வீட்டில் அவருடைய பத்து இலக்க போன் நம்பரே இருந்தது. குடோன் போர்டில் பெரிதாக எழுதியிருக்கும் நம்பர். அப்படி எழுதாவிட்டாலும் போன் நம்பர் ஆகாது. ஒரு சாதனம் வைஃபையில் சேரும் நேரத்தில் நடக்கும் சேதிப் பரிமாற்றத்தை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு போய், கணினியில் உட்கார்ந்து நம்பர் நம்பராகப் போட்டுப் பார்க்க முடியும். ரூட்டருக்கு அது தெரியவே தெரியாது. எண்கள் மட்டும் என்றால் சீக்கிரம் கிடைத்துவிடும். நீளம்தான் பாதுகாப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துவிடுங்கள். இந்த மாதிரி, ஆனால் இதையே வைக்காமல்:

```
sombu-puliyamaram-irattai-kudai
```

மாற்றும்போது பலரும் விடும் தவறு ஒன்று உண்டு. இப்போதைய ரூட்டர்களில் `2.4GHz`, `5GHz` என்று இரண்டு அலைவரிசை. பல பெட்டிகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனிக் கடவுச்சொல். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய கடவுச்சொல்லோடு மற்ற கதவு திறந்தே கிடக்கும். மாற்றிய பிறகும் வீட்டில் ஏதோ ஒரு போன் எதுவும் கேட்காமல் வேலை செய்தால் அதுதான் அறிகுறி. சிக்னல் நீட்ட வைத்திருக்கும் ரிப்பீட்டருக்குத் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் அதையும் பாருங்கள்.

அங்கேயே `WPS` என்று இருப்பதை அணையுங்கள். கடவுச்சொல் அடிக்காமல் சேரும் வசதி அது. அதற்குள் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கிறது. ரூட்டர் அதை முதல் பாதி, இரண்டாம் பாதி என்று பிரித்துச் சரிபார்ப்பதால் அதிகம் போனால் 11,000 முயற்சியில் கிடைத்துவிடும் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது. அதை விட்டுவைத்தால் மேலே நாலு சொல் கோத்ததெல்லாம் வீண். கடைசியாக `admin` கடவுச்சொல்லையும் மாற்றி, ரூட்டர் அடியில் இல்லாமல் வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

சேமித்ததும் எல்லாம் துண்டாகும். பழைய பெயரையே வைத்திருந்தால் போன்கள் பழைய கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பப் போட்டு முழிக்கும். `Forget` கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். போன்களும் லேப்டாப்பும் ஐந்து நிமிடம். பிரிண்டரும் சோலார் குச்சியும்தான் இழுத்தடிக்கும். சோலார் குச்சி மாதிரிச் சாமான்கள் பெரும்பாலும் `2.4GHz` மட்டும்தான் பிடிக்கும், அதைச் சேர்க்கும்போது போனும் அதே அலைவரிசையில் இருக்கட்டும். டிவிஆர் ஒயரில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்து முடித்துவிட்டுப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். எங்கள் பட்டியலில் ஒன்பது இருந்தன: எட்டும் சோலார் குச்சியும்.

ஒரம்பரைக்குத் தனி வைஃபை

பாஸ்வேர்டு எப்படி வெளியே போனது என்று அத்தையிடம் கேட்டேன். "கேட்டா குடுக்காம எப்படிங் கண்ணு இருக்கறது? ஒரம்பரை வந்தா காப்பித்தண்ணி குடுக்கறதுக்கு முன்னாலயே அதைத்தான் கேக்கறாங்க." அவர் சொல்வது சரி. புது பாஸ்வேர்டையும் அத்தை கொடுக்கத்தான் செய்வார். வாங்கிய போனிலிருந்து க்யூஆர் கோடாக அது அடுத்த போனுக்குப் போகும், எழுத்தாகக் கூடப் படிக்கலாம். கொடுக்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. கொடுப்பதற்கென்று தனியாக ஒன்று இருக்க வேண்டும்.

`Guest Network` என்று ரூட்டரில் இருந்தால் அதை இயக்கி, தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுங்கள். விருந்தாளி வீட்டுச் சாதனங்களைப் பார்க்கலாமா என்று கேட்கும் தேர்வை அணைத்து வையுங்கள். அதில் சேர்ந்தவருக்கு இணையம் மட்டும் கிடைக்க வேண்டும். டிவிஆர், பிரிண்டர், ரூட்டரின் நுழைவுப் பக்கம் எதுவும் தெரியக் கூடாது.

மாமாவின் பெட்டியில் அந்தப் பெயரே இல்லை. `SSID2`, `SSID3` என்று கூடுதல் வைஃபை போடும் வசதி மட்டும் இருந்தது. இதைப் போட்டுவிட்டு விருந்தாளி வைஃபை தயார் என்று நினைப்பவர்கள் நிறைய. சோதிக்காமல் நம்ப வேண்டாம். `SSID2`-வில் என் போனைச் சேர்த்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, பிரவுசரில் `192.168.1.1` என்று அடித்தேன். ரூட்டர் பக்கம் திறந்தது. டிவிஆரின் முகவரியை அடித்தேன், கேமரா நுழைவுப் பக்கமும் திறந்தது. கதவில் பெயர் மட்டும்தான் வேறு, உள்ளே அதே வீடு. `AP Isolation` என்ற தேர்வை இயக்கிப் பார்த்தோம். வைஃபையில் உள்ள இரண்டு போன்கள் ஒன்றையொன்று பார்ப்பதை அது தடுத்தது. ஒயரில் இருந்த டிவிஆர் அப்படியே தெரிந்தது.

அதற்கு வழி இன்னொரு சின்ன ரூட்டர். அதை மாட்டும் திசைதான் முக்கியம். விருந்தாளியைப் புது ரூட்டரில் போட்டால் வேலைக்கு ஆகாது. பின்னால் இருக்கும் ரூட்டரில் சேர்ந்தவர் முன்னால் இருக்கும் பெட்டியில் உள்ளதையெல்லாம் எட்ட முடியும். முன்னால் இருப்பவரால்தான் பின்னால் நுழைய முடியாது. முன் திண்ணையும் உள் வீடும் மாதிரி. விருந்தாளி திண்ணையில் இருக்க வேண்டும், சாமான் உள் வீட்டில் இருக்க வேண்டும்.

ஆகவே பழைய பெட்டியின் `LAN` துளையிலிருந்து புது ரூட்டரின் `WAN` துளைக்கு ஒரு ஒயர். வீட்டுப் போன்கள், லேப்டாப், டிவி, பிரிண்டர் எல்லாம் புது ரூட்டரின் வைஃபையில். டிவிஆரின் ஒயரையும் பிடுங்கிப் புது ரூட்டரில் செருகினோம். பழைய பெட்டியின் வைஃபை முழுவதும் ஒரம்பரைக்கும் தறி ஓட்டுபவர்களுக்கும். அதற்கு மூன்றாவதாக ஒரு கடவுச்சொல். சோலார் குச்சியையும் அங்கேயே விட்டோம், அதற்கு இணையம் மட்டும் போதும். புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் போடாமல் ரூட்டர் முறையிலேயே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே வீடாகிவிடும். இரண்டு பெட்டிக்கும் `192.168.1.1` என்றே இருந்தால் மோதும், நாங்கள் புதியதை `192.168.50.1` என்று மாற்றினோம். அப்போது டிவிஆருக்குக் கையால் போட்ட பழைய முகவரி இருந்தால் அதையும் தானாகப் பெறும்படி மாற்ற வேண்டும். அது புரியாமல் அரை மணி நேரம் கேமரா படமே வரவில்லை.

பிறகு அதே சோதனை. போனைப் பழைய பெட்டியில் சேர்த்து டிவிஆரின் புது முகவரியை அடித்தேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து, திறக்கவில்லை. பழைய பெட்டியின் நுழைவுப் பக்கம் மட்டும் இன்னும் திறக்கும். அதன் `admin` கடவுச்சொல்லை மாற்றிவிட்டதால் உள்ளே போக முடியாது. டிவியில் ஏதாவது காட்ட வேண்டுமென்று வரும் விருந்தாளிக்கு இது இடைஞ்சல்தான். அவர் போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. அந்த நேரத்துக்கு மகனின் போனிலிருந்து அனுப்பிக்கொள்கிறார்கள்.

விருந்தாளி வைஃபையின் க்யூஆர் கோடைத் தாளில் அச்செடுத்து ஆசாரத்துச் சுவரில், நாள்காட்டிக்குக் கீழே ஒட்டியாகிவிட்டது. யார் கேட்டாலும் அத்தை அதைத்தான் காட்டுகிறார். வீட்டில் விசேஷம் எதுவும் முடிந்தால் அந்தக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிப் புதுத் தாள் ஒட்டுகிறான் மகன். சோலார் குச்சி ஒன்றைத் தவிர வேறெதையும் திரும்பச் சேர்க்க வேண்டியதில்லை.